எட்டு பெரிதா, மூன்று பெரிதா?

இந்த மாதத்தில் இதே கேள்வியோடு வந்த நான்காவது ஆள் அவர். ஓய்வுபெற்ற பேராசிரியர். அமெரிக்காவில் இருக்கும் மகன் டிப்ஸ் வாங்கியிருக்கிறானாம். 1997 முதல் அந்நாட்டு அரசு வெளியிடும் பணவீக்கக் குறியீட்டுப் பத்திரம் அது. "ரெண்டு சொச்சம் சதவீதம்தான் சார் ஈல்டு. என்கிட்ட இருக்கிற பெர்பெச்சுவல் எட்டு தருது. இவ்வளவு படிச்சவனுக்கு இது தெரியாதா?"

பெர்பெச்சுவல் என்றால் முதிர்வுத் தேதியே இல்லாமல் நிலையான வட்டி தரும் பத்திரம். மகனுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவின் எக்செல் ஷீட்டில்தான் கோளாறு.

அந்த ஷீட்டில் ஒரு மாதிரிப் பத்திரம் இருந்தது. முகமதிப்பு 1,00,000 ரூபாய், பத்து ஆண்டு, கூப்பன் என்கிற ஆண்டு வட்டி 3%, அசலும் கூப்பனும் விலைவாசிக் குறியீட்டோடு ஏறும். சந்தையின் ரியல் ஈல்டு, அதாவது பணவீக்கம் போக மிஞ்சும் வருமானம், 3%, எதிர்பார்க்கும் பணவீக்கம் 5% என்று எடுத்துக்கொண்டிருந்தார். 1.03-ஐ 1.05-ஆல் பெருக்கினால் 1.0815, அதாவது பணவீக்கமும் சேர்ந்த சாதாரண ஈல்டு 8.15%. இதுவரை சரி. அதன்பின் பத்திரத்தின் இன்றைய மதிப்பைக் காண இப்படி எழுதியிருந்தார்:

```
=PV(8.15%,10,-3000,-100000)
```

விடை சுமார் 65,700. "ஒரு லட்சத்துக்கு விற்கிற பொருளின் மதிப்பு அறுபத்தஞ்சாயிரம்தான்" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

இந்தத் தப்பை நிதித்துறையில் வேலை பார்க்கிறவர்களிடமும் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 3,000 ரூபாய் என்பது இன்றைய விலைவாசி ரூபாய். அடுத்த ஆண்டு அவர் கைக்கு வரப்போவது 3,000 இல்லை. விலைவாசி 5% ஏறினால் 3,150. பத்தாம் ஆண்டு முடிவில் திரும்பும் அசலும் 1,00,000 இல்லை, 1,62,889. அவர் வகுத்த 8.15%-க்குள் பணவீக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வரவில் அதைச் சேர்க்கவே இல்லை. பணவீக்கத்தைச் செலவில் எழுதிவிட்டு வரவில் எழுத மறந்த கணக்கு அது. அப்படி எழுதினால் எந்தக் கடையும் நஷ்டத்தில்தான் ஓடும்.

சரிசெய்ய இரண்டு வழி. வரவுகளையெல்லாம் 5% வீதம் ஏற்றி 8.15%-ஆல் வகுக்கலாம். அல்லது இன்றைய ரூபாயிலேயே வைத்து ரியல் ஈல்டான 3%-ஆல் வகுக்கலாம். 1,62,889-ஐ 8.15% வீதம் பத்தாண்டு பின்னுக்குக் கொண்டுவந்தால் 74,409. 1,00,000-ஐ 3% வீதம் கொண்டுவந்தாலும் அதே 74,409. பணவீக்கம் மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. ஆகவே:

```
=PV(3%,10,-3000,-100000)
```

விடை 1,00,000. பேராசிரியர் இரண்டு தடவை என்டர் தட்டிப் பார்த்தார்.

இப்போது அவருடைய பெர்பெச்சுவலுக்கு வருவோம். ஆண்டுக்கு 8,000 ரூபாய், முதிர்வே கிடையாது. இதன் விலை ஒரே வகுத்தல்: 8,000-ஐ 0.0815-ஆல் வகுத்தால் சுமார் 98,160. கூப்பன் நிலையானது, விலைவாசி ஏறினாலும் ஒரு ரூபாய் கூடாது. எனவே இங்கே சாதாரண ஈல்டுதான் சரியான அளவுகோல்.

சந்தையின் பணவீக்க எதிர்பார்ப்பு 5-லிருந்து 6-ஆகிறது என்று வையுங்கள். ரியல் ஈல்டு மாறவில்லை. ஈல்டு 9.18% ஆகும், பெர்பெச்சுவலின் விலை சுமார் 87,150-க்கு இறங்கும். யாரும் தவணை தவறவில்லை, எவரும் திவாலாகவில்லை; ஒரே ஒரு சதவீத எதிர்பார்ப்பு மாறியதில் பதினொன்று சதவீதம் காலி. குறியீட்டுப் பத்திரமோ அசையாது, ஏனென்றால் அதன் வரவும் சேர்ந்தே ஏறுகிறது. முதிர்வில்லாத நிலைக் கூப்பனைவிடப் பணவீக்கத்துக்குத் திறந்த மார்போடு நிற்கும் பத்திரம் வேறில்லை. அதைப் போய் பென்ஷன்தாரர்களிடம் "ஆயுசுக்கும் எட்டு சதவீதம்" என்று விற்றார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைக் கேட்டதும் பலர் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள்: "அப்போ குறியீட்டுப் பத்திரம் விலை இறங்கவே இறங்காதா?" இறங்கும். ரியல் ஈல்டு 3-லிருந்து 4-ஆனால் நம் பத்தாண்டுப் பத்திரம் சுமார் 91,900-க்கு வந்துவிடும். 2022-ல் அமெரிக்காவில் நடந்தது இதுதான். அந்த ஜூனில் பணவீக்கம் 9.1%, ஆனால் பத்தாண்டு ரியல் ஈல்டு அந்த ஆண்டுக்குள் மைனஸ் ஒன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக்கு ஏறியதால் நீண்டகால டிப்ஸ் வைத்திருந்தவர்கள் விலையில் பலத்த அடி வாங்கினார்கள். பணவீக்கத்துக்குக் காப்பு என்று வாங்கியது பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோதே இறங்கியது. முதிர்வு வரை வைத்திருப்பவருக்குக் காப்பு நிற்கும். நடுவில் விற்பவருக்கு உத்தரவாதமில்லை.

குறியீட்டுப் பத்திரம் எப்போதும் ஜெயிக்கும் என்றும் நான் சொல்லவில்லை. 2013 டிசம்பரில் ரிசர்வ் வங்கி சில்லறை விலைக் குறியீட்டோடு இணைத்த பத்தாண்டுச் சேமிப்புப் பத்திரத்தை விற்றது. பணவீக்கத்துக்கு மேல் 1.5%. சாதாரண பத்தாண்டு அரசுப் பத்திரம் அப்போது ஏறக்குறைய 9% தந்தது. 1.09-ஐ 1.015-ஆல் வகுத்தால், பணவீக்கம் சராசரியாக 7.4%-ஐத் தாண்டினால்தான் குறியீட்டுப் பத்திரத்துக்கு லாபம் என்று வருகிறது. இதைத்தான் பிரேக்-ஈவன் என்கிறோம். அடுத்த பத்தாண்டில் பணவீக்கம் பெரும்பாலும் அதற்குக் கீழேயே ஓடியது. வாங்கியவர் ஏமாறவில்லை, பிரீமியம் கட்டினார். நெருப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றா எட்டா என்று கேட்காதீர்கள். பிரேக்-ஈவன் எவ்வளவு, அதைவிட அதிகமாக விலைவாசி ஏறும் என்று நினைக்கிறீர்களா என்று கேளுங்கள்.

போகிற போக்கில் ஒன்று. மேலே பெர்பெச்சுவலுக்குப் போட்ட 8.15%-ல் கடன் அபாயத்துக்கு ஒரு பைசாகூட வைக்கவில்லை. வங்கி வெளியிட்டது என்றால் வைத்தே ஆகவேண்டும். ஒரு சதவீதம் சேர்த்தால் ஈல்டு 9.15%, விலை சுமார் 87,400. வட்டியை நிறுத்தவும் அசலையே எழுதித் தள்ளவும் வங்கிக்கு வழியுள்ள பத்திரத்தில் அந்த ஒரு சதவீதம் போதுமா என்பது தனி வழக்கு. 2020 மார்ச்சில் ஒரு தனியார் வங்கியின் பெர்பெச்சுவல்கள் பூஜ்யமாக்கப்பட்டதை வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

"அஞ்சாவது வருஷம் பேங்க் கால் பண்ணிக்கும் சார்" என்று ஏஜென்ட் சொன்னாரா? கால் என்றால் வங்கி அசலைத் திருப்பிக் கொடுத்துப் பத்திரத்தை முடித்துக்கொள்வது. அவர் காட்டும் ஈல்டு அந்தத் தேதியில் முழு அசலும் திரும்பும் என்று போட்ட கணக்கு. 9.18% சந்தையில் ஐந்தாண்டில் கால் என்று போட்டால் நம் பத்திரம் 95,400 காட்டும். நிரந்தரம் என்று போட்டால் 87,150. கால் செய்வது வங்கியின் உரிமை, கடமை அல்ல. சந்தை 9 கேட்கும்போது 8-க்குக் கிடைத்த பணத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? நீங்களாக இருந்தால் கொடுப்பீர்களா? இரண்டு விலையையும் எழுதி வாங்குங்கள்.

பேராசிரியர் கிளம்பும்போது ஷீட்டில் 8.15 இருந்த கட்டத்தை மஞ்சளாக்கிக்கொண்டார். பெர்பெச்சுவலை என்ன செய்வது என்று கேட்டார். அதன் ஆஃபர் டாக்குமென்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இதுவரை அவர் அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லையாம்.