ஆறு மாத ஸ்டேட்மெண்ட்டில் மாம்பழ சீசன்: முத்ரா கடனுக்கு விற்றுமுதலை எப்படிப் பார்க்கிறார்கள்?

முத்ரா திட்டத்தில் கிஷோர் (50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை) அல்லது தருண் (5 முதல் 10 லட்சம் வரை) பிரிவில் கடன் கேட்டால், வங்கி கேட்கும் தாள்களில் கடைசி ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் ஒன்று. சம்பளச் சீட்டு இல்லாத சுயதொழில்காரருக்கு அதுதான் சாட்சி. ஆனால் 'மொத்த வரவு' என்று கடைசிப் பக்கத்தில் இருக்கும் எண்ணை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டிகளுக்குப் பெட்டியும் பேக்கிங் பேப்பரும் விற்கும் ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஜனவரி முதல் ஜூன் வரை அவர் கணக்கில் வந்த வரவு: 1,30,000, 1,25,000, 2,90,000, 2,10,000, 3,20,000, 2,85,000. கூட்டினால் 13,60,000. ஆறு மாதத்துக்கு இவ்வளவு என்றால் வருடத்துக்கு 27 லட்சம் என்று அவர் மனக்கணக்குப் போட்டிருப்பார்.

அதிகாரி முதலில் செய்வது வியாபாரம் அல்லாத வரவை அடிப்பது. மார்ச்சில் வந்த 1,50,000 நகைக்கடன். மே மாதத்தில் 60,000 மனைவி கணக்கிலிருந்து மாற்றியது. ஜூனில் 25,000 ரூபாய் காசோலை ஒன்று வரவாகி, இரண்டு நாளில் திரும்பிப் பற்றாகியிருக்கிறது. சீட்டுப் பணம், கைமாற்று, கிராமத்து நிலம் விற்ற பணம் எல்லாமே இந்த வகைதான். இவர் கணக்கில் நகைக்கடன், மனைவி பணம், காசோலை மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது 11,25,000. இரண்டால் பெருக்கினால் 22,50,000.

சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நம் ஊர் வியாபாரத்தில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இவருடைய சுத்தமான வரவு முதல் மூன்று மாதம் 1,30,000-ஐ ஒட்டியே நிற்கிறது. ஏப்ரலில் ஏறுகிறது, மே, ஜூனில் 2,60,000. இது வளர்ச்சி அல்ல, சீசன். மாங்காய் ஜூலையோடு அடங்கிவிடும். அப்படியானால் எட்டு மாதம் 1,30,000 வீதம் 10,40,000, சீசன் நான்கு மாதம் சராசரி 2,43,000 வீதம் 9,72,000. வருடத்துக்கு சுமார் 20 லட்சம்தான்.

சிறு தொழிலுக்கான நடைமுறை மூலதனக் கடனை, எதிர்பார்க்கும் வருட விற்றுமுதலில் 20 சதவீதம் என்று கணக்கிடும் முறை ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு சொன்ன முறை. அதன்படி முதல் மனக்கணக்கில் 5,44,000 வரும்; அது தருண் பிரிவு. நிஜக் கணக்கில் 4 லட்சம், கிஷோர் பிரிவு. ஒரே ஸ்டேட்மெண்ட், ஒன்றரை லட்சம் வித்தியாசம்.

இதே ஆள் டிசம்பர் முடிந்து விண்ணப்பித்திருந்தால் ஸ்டேட்மெண்ட் ஜூலையில் உச்சத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். நொடித்துப்போகும் கடை மாதிரித் தெரியும். அதனால் சீசன் வியாபாரிகள் கேட்காமலேயே பன்னிரண்டு மாத ஸ்டேட்மெண்ட்டைக் கொடுப்பது நல்லது. போன வருட மே மாதத்தை இந்த வருட மே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் நிலையான வியாபாரமா என்று தெரியும். மே மாதத்தை ஜனவரியோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

அப்புறம், எவ்வளவு கடன் என்பதைவிட எப்படித் திருப்புவது என்பது பெரிய கேள்வி. நான்கு லட்சத்தை மூன்று வருடத் தவணைக் கடனாக, 11 சதவீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை சுமார் 13,100. சீசன் இல்லாத மாதத்தில் 1,30,000 விற்று, 15 சதவீதம் மிஞ்சுகிறது என்று வைத்தால் கையில் 19,500. தவணை போக 6,400-ல் வீடு நடக்காது. வருடச் சராசரியைப் பார்த்தால் தாங்கும் போலத் தெரியும் தவணை, பிப்ரவரியில் திரும்பும். இவருக்கு கேஷ் கிரெடிட் பொருந்தும்: சீசனுக்கு முன் சரக்கெடுக்கப் பயன்படுத்தி, ஜூலைக்குள் கட்டிவிட்டால், எடுத்த தொகைக்கும் நாளுக்கும் மட்டும் வட்டி.

எண்களைத் தவிர சில அறிகுறிகளும் கண்ணில் படும். விண்ணப்பிக்கும் வாரத்தில் மட்டும் ரொக்கமாக ஒரு பெருந்தொகை போட்டு இருப்பை உயர்த்துவது ஒன்று; இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கண்கள் அவை. வேறு கடனின் தவணை பணமில்லாமல் திரும்பி, அபராதம் பிடித்த வரி இன்னொன்று. விற்றுமுதல் நன்றாக இருந்தாலும் இந்த வரி இரண்டு மூன்று முறை வந்தால் கேள்வி வரும். வரவில் பெரும்பகுதி ஒரே மண்டியிலிருந்து வந்தாலும் யோசிப்பார்கள். அந்த மண்டிக்காரர் வேறு ஆளிடம் போய்விட்டால் என்ன ஆகும்?

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. கடை க்யூஆர் அட்டை மகன் பெயரில், ரொக்க விற்பனை பெட்டியிலேயே, சரக்குக்குக் கொடுப்பதும் ரொக்கமாக. அந்த விற்பனை ஸ்டேட்மெண்ட்டில் இல்லாததால் கணக்கில் வராது. விண்ணப்பிக்க நினைக்கும் மாதத்துக்கு ஒரு சீசன் முன்பே க்யூஆரைத் தன் கணக்குக்கு மாற்றி, அன்றாட ரொக்கத்தை வாரம் ஒருமுறையாவது கட்டி வந்தால், அடுத்த ஸ்டேட்மெண்ட்டில் கடை தெரியும்.