மாத்திரையை நிறுத்தியவரை ஓ.பி.யில் தேடாதீர்கள்

எத்திக்ஸ் கமிட்டிக்கு வந்த மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களில் மறுபடியும் அதே தலைப்பு: ‘ரத்தக் கொதிப்பு நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதால் பி.பி. கட்டுப்பாட்டில் ஏற்படும் தாக்கம்’. ஆட்களை எடுப்பது ஆரம்ப சுகாதார நிலைய ஓ.பி.யில். ஒரே சந்திப்பில் கேள்வி கேட்டு, பி.பி. பார்த்து முடித்துவிடுவார்கள்.

மாத்திரையை நிறுத்தியவர் ஓ.பி.க்கு எதற்கு வரப்போகிறார்? 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை வாங்குபவரும் அங்கே இருக்கமாட்டார். ஊரில் எத்தனை பேர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்பது கேள்வியென்றால், தொற்றா நோய்ப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்து வீடு தேடிப் போங்கள்.

அடுத்தது, ‘தாக்கம்’. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே நாளில் மாத்திரையையும் கேட்டு பி.பி.யையும் பார்த்தால், எது முந்தியது என்று எப்படித் தெரியும்? ஒருவருக்கு 180 இருந்தது. டாக்டர் இரண்டாவது மாத்திரையைச் சேர்த்தார், வீட்டில் பயந்துபோய் வேளை தவறாமல் கொடுக்கிறார்கள். இன்று 150. இன்னொருவருக்கு ஆரம்பத்திலேயே 142 தான். அசட்டையாக விட்டுவிட்டார், இன்று 136. இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் சேர்ந்தால், ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் பி.பி. அதிகம் என்று உங்கள் அட்டவணை சொல்லும். அதை ‘தாக்கம்’ என்று எழுதுவீர்களா? ‘தொடர்பு உள்ளதா எனக் கண்டறிதல்’ என்று நோக்கத்தை எழுதுங்கள். தாக்கம்தான் வேண்டுமென்றால், புதிதாகக் கண்டறியப்பட்டவர்களை மாதக்கணக்கில் பின்தொடரும் ஆய்வாக மாற்றுங்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று மூன்றாவதாக ஒரு நோக்கத்தைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது நல்ல சேவை, ஆனால் அளக்கக்கூடிய ஆய்வு நோக்கம் இல்லை.

மாறிகளுக்கு வருவோம். ‘ஒழுங்கு’ என்றால் என்ன? கடந்த 7 நாட்களில் சாப்பிட வேண்டியதில் 80 சதவீதமாவது சாப்பிட்டிருக்க வேண்டும் என்று வைத்தால், தினம் ஒரு மாத்திரைக்காரர் 6 நாளாவது சாப்பிட்டிருக்க வேண்டும். 5 நாள் சாப்பிட்டவர் ஒழுங்கற்றவர். இதைக் களத்தில் போய் முடிவுசெய்யக் கூடாது. ‘கட்டுப்பாடு’ம் அப்படித்தான்: ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். மேல் எண் 140-க்கும் கீழ் எண் 90-க்கும் குறைவாக, இரண்டுமே இருக்க வேண்டும்.

சாம்பிள் சைஸ் எல்லோரும் போடுகிற `n = 4pq/d²` தான். எதிர்பார்க்கும் சதவீதம் p 50, மீதி q 50, ஏற்கும் பிழை d 5 என்றால் 400. இது ‘எத்தனை சதவீதம்’ என்ற முதல் நோக்கத்துக்கு மட்டும். தொடர்பைப் பார்க்கத் தனிக் கணக்கு உண்டு. இரண்டில் பெரியதை எடுத்து, வீட்டில் கிடைக்காதவர்களுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைடிடம் போவதற்கு முன் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு நோக்கத்துக்கும், எண்கள் இல்லாத வெற்று அட்டவணை ஒன்றை வரையுங்கள். எந்த நோக்கத்துக்கு அட்டவணை வரவில்லையோ, அதை அடித்துவிடுங்கள். எந்த அட்டவணையிலும் இடம்பெறாத கேள்வியை வினாப்பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பாவம், பதில் சொல்லும் பாட்டியை முக்கால் மணி நேரம் உட்கார வைக்காதீர்கள்.