ஒற்றை 'ஹலோ'வுக்கு என்ன பதில் எழுதுவது?

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அலுவலகம் ஒன்றின் தமிழ் வாட்ஸ்அப் எண்ணைக் கவனித்துக்கொள்வது என் வேலை. அந்த எண்ணுக்குப் புதிதாக எழுதுகிறவர்களில் பலருடைய முதல் செய்தியில் விஷயம் எதுவும் இருப்பதில்லை. "ஹலோ", "ஹாய் மேடம்", "அக்கா இருக்கீங்களா" என்பதோடு நின்றுவிடும். பெயர், நிறுவனம், குறை என ஒன்றும் இருக்காது. அதற்கு நாம் அனுப்பும் முதல் பதிலைப் பொறுத்தே, அவர் மேற்கொண்டு பேசுவாரா அல்லது அத்துடன் நிறுத்திக்கொள்வாரா என்பது பெரும்பாலும் தீர்மானமாகிறது. தொண்டூழியர்களுக்குப் பயிற்சி அளிக்கும்போது நான் அதிக நேரம் செலவிடுவதும் இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

ஒருவர் வெறும் ஹலோவை மட்டும் அனுப்புவதற்குச் சோம்பல் காரணம் என்று நினைப்பது தவறு. விடுதியில் பலர் சேர்ந்து தங்கும் அறையில், மேல் கட்டிலில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலே திரை தெரியும் இடத்தில் உட்கார்ந்துதான் அவர் எழுதுகிறார். எண்ணைக் கொடுத்தவர் நண்பரின் நண்பராக இருப்பார். மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே உதவி அலுவலகமா, தமிழ் தெரிந்தவர்களா, தன் செய்தி முதலாளியின் காதுக்குப் போய்விடுமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. புகார் சொன்னால் வேலை அனுமதிச் சீட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் இருப்பவர், முதலில் ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கத்தான் செய்வார். தமிழில் தட்டச்சு செய்யப் பழகாததால் ஆங்கில எழுத்தில் தெரிந்த ஒரே சொல்லை அனுப்புகிறவர்களும் உண்டு.

இப்படித் தட்டுகிறவருக்குப் பதிலாக நாமும் "ஹலோ" என்று எழுதினால், அவர் "ஹலோ அக்கா" என்பார். நாம் "சொல்லுங்கள்" என்போம். அவர் "ஃப்ரீயா இருக்கீங்களா" என்பார். நான்கைந்து செய்திகள் போய்வந்த பிறகும் விஷயம் வெளிவந்திருக்காது. அதற்குள் அவரை வேலைக்கு ஏற்றிச் செல்லும் லாரி வந்திருக்கும், அல்லது அறையில் யாராவது உள்ளே நுழைந்திருப்பார்கள். இதைவிட மோசமானது, முதல் பதிலிலேயே பெயர், அடையாள எண், நிறுவனத்தின் பெயர், வேலைக்குச் சேர்ந்த தேதி என்று படிவத்தை நீட்டுவது. அலுவலகத்துக்கு அந்தத் தகவல்கள் தேவைதான். ஆனால் யாரென்று தெரியாத ஒருவர் நிறுவனத்தின் பெயரைக் கேட்டால், பயந்திருப்பவருக்கு அது விசாரணையாகவே படும். "என்ன பிரச்சினை?" என்ற கேள்விக்கும் அதே குறை உண்டு. தனக்கு நேர்ந்தது பிரச்சினை என்ற அளவுக்குப் பெரியதா என்று அவருக்கே தெரியாத நிலையில், "ஒன்றுமில்லை மேடம், சும்மாதான்" என்று பின்வாங்கிவிடுவார்.

தானியங்கிப் பதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பின் வணிகச் செயலியில் வரவேற்புச் செய்தியை அமைத்துவைத்தால், ஒருவர் முதன்முறை எழுதும்போதும், 14 நாள் இடைவெளிக்குப் பிறகு மீண்டும் எழுதும்போதும் அது தானாகவே போகும். "தொடர்புகொண்டதற்கு நன்றி, விரைவில் பதிலளிப்போம்" என்று அது சொல்லும். அவரும் விஷயத்தைச் சொல்லாமலே காத்திருப்பார். ஹலோவை மட்டும் வைத்துக்கொண்டு நாம் எதற்குப் பதிலளிக்க முடியும்? வரவேற்புச் செய்தி வைத்தே ஆக வேண்டும் என்றால், அது நன்றியில் முடியாமல் கேள்வியில் முடியட்டும்.

நாங்கள் கையால் எழுதி அனுப்பும் பதில் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "வணக்கம். இது உதவி அலுவலகம், நான் தமிழ்ல பேசுவேன். சொல்லுங்க, என்ன விஷயமா மெசேஜ் பண்ணீங்க? சம்பளமோ, உடம்புக்கோ, ஊருக்குப் போறதோ, வேற எதுவா இருந்தாலும் பரவாயில்ல. டைப் பண்ணக் கஷ்டமா இருந்தா வாய்ஸ் அனுப்புங்க."

இதில் கேள்வி ஒன்றுதான். சம்பளம், உடம்பு, ஊர் என்ற மூன்றும் கேள்விகள் அல்ல; எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர் பிடித்துக்கொள்வதற்கான சொற்கள். அவற்றில் ஒன்றை மட்டும் திருப்பி எழுதினாலும் போதும், பேச்சு தொடங்கிவிடும். "வேற எதுவா இருந்தாலும்" என்ற கடைசிப் பகுதியை இடம் மிச்சம் பிடிப்பதற்காகச் சிலர் வெட்டிவிடுகிறார்கள், வெட்டக்கூடாது. முகவருக்குக் கொடுத்த பணம், கைப்பேசியில் ஏமாந்த பணம், ஊரில் நடந்த சாவு போன்றவை அந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன. முதல் பதிலில் தம்பி, அண்ணன் என்று உறவுமுறை எதையும் நான் சேர்ப்பதில்லை. எழுதுகிறவர் இல்லப் பணிப்பெண்ணாகவும் இருக்கலாம், ஐம்பது வயதைக் கடந்த கொத்தனாராகவும் இருக்கலாம். அவர் என்னை அக்கா என்று அழைத்த பிறகு தம்பி என்று அழைத்தால் அது இயல்பாக அமைகிறது.

அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஞாயிறு மாலை ஒருவரிடமிருந்து "ஹலோ" வந்தது. மேலே உள்ள பதில் போனது. சற்று நேரம் கழித்து "சம்பளம் அக்கா" என்று இரண்டு சொற்கள் வந்தன. அத்துடன் திருப்தியடைந்து, சம்பளப் புகார் என்று குறித்துக்கொண்டு, சம்பளத் தகராறுகளைக் கவனிக்கும் முத்தரப்பு அமைப்பான டாடெமில் எப்படி விண்ணப்பிப்பது என்று விளக்கத் தொடங்குவது எளிது. வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள்ளும் அங்கே செல்ல வேண்டும் என்ற தகவலும் சரியானதே. ஆனால் "சம்பளம்" என்பது அவர் பிடித்துக்கொண்ட சொல் மட்டுமே; அவருடைய தேவை இன்னும் வரவில்லை. ஆகவே இரண்டாவது எதிர்க்கேள்வி: "சரி தம்பி. போன மாசச் சம்பளத்துக்கும் இந்த மாசத்துக்கும் என்ன வித்தியாசம்? இந்த மாசம் வேலையில என்ன மாறுச்சு?"

பதிலாகக் குரல் செய்தி வந்தது. இந்த மாதம் 125 சிங்கப்பூர் வெள்ளி குறைந்திருப்பதாகவும், ஐந்து நாள் எம்சியில், அதாவது மருத்துவ விடுப்பில், இருந்ததால் முதலாளி வெட்டிவிட்டதாகவும் சொன்னார். எம்சி எதற்கு என்று கேட்டபோதுதான், இரும்புத் தட்டு விழுந்து இடதுகை விரல் நசுங்கியதும், கிளினிக்கில் ஐந்து நாள் மருத்துவ விடுப்பும் அதன்பின் ஒரு வாரம் இலகு வேலையும் எழுதிக் கொடுத்ததும், விரல் இன்னும் முழுதாக மடங்காததும் தெரியவந்தன. அவர் கேட்க வந்தது 125 வெள்ளியைத்தான். விரலைப் பற்றிக் கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

இங்கே கணக்கே மாறுகிறது. அவருடைய அடிப்படைச் சம்பளம் 650 வெள்ளி. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கொண்டால் நாளுக்கு 25 வெள்ளி. ஐந்து நாளுக்கு 125. முதலாளி வெட்டியது அந்தத் தொகை. ஆனால் வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் தங்காமல் எடுக்கும் மருத்துவ விடுப்பில் முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளம் தர வேண்டும். அந்தச் சம்பளத்தை, மிகைநேர ஊதியத்தையும் உட்படுத்திய சராசரி மாத வருமானத்தை வைத்தே கணக்கிட வேண்டும். மிகைநேரத்தோடு அவருடைய சராசரி 910 வெள்ளியாக இருந்தது. அதன்படி நாளுக்கு 35 வெள்ளி, ஐந்து நாளுக்கு 175 வெள்ளி. ஆக, வெட்டியதைத் திருப்பிக் கொடுத்தாலும் 50 வெள்ளி குறையும்.

அதைவிட முக்கியமானது, மருத்துவ விடுப்போ இலகு வேலையோ கொடுக்கப்பட்ட எந்த வேலையிடக் காயத்தையும் முதலாளி, தமக்குத் தெரியவந்த பத்து நாளுக்குள் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும் என்பது. விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஊழியரும் இழப்பீடு கோரலாம். விரல் நிரந்தரமாக மடங்காமல் போனால், அதற்கான இழப்பீடு அந்தக் கோரிக்கையின் வழியாகத்தான் கிடைக்கும். சம்பளப் புகாரின் வழியாகக் கிடைக்காது. முதல் சொல்லை நம்பி அவரை ஒரே பாதையில் அனுப்பியிருந்தால், 125 வெள்ளி திரும்பி வந்திருக்கலாம். விரலுக்கான ஓராண்டுக் கெடு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

இந்த அளவுக்கு விஷயம் வெளிவந்த பிறகுதான் எம்சி தாளின் படத்தையும், சம்பளச் சீட்டையும், வேலை அனுமதிக்கான முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தையும் கேட்டோம். நிறுவனத்தின் பெயர் அந்தத் தாள்களிலேயே இருந்தது. தனியாகக் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஏன் கேட்கிறோம் என்பது புரிந்துவிட்டதால் அவரும் தயங்காமல் அனுப்பினார்.

இந்த முறைக்கும் வரம்பு உண்டு. நள்ளிரவில் வரும் ஹலோவுக்குப் பதில் எழுதி, "வாழப் பிடிக்கல" என்பது போன்ற ஒரு வரி திரும்பி வந்தால், சம்பளமா உடம்பா என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா, இப்போது யார் கூட இருக்கிறார்கள் என்று நேராகவே கேட்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கான 995. பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றால் 24 மணி நேரமும் இயங்கும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767. இணைப்பு கிடைக்கும்வரை நாமும் உரையாடலில் இருக்க வேண்டும்.

சொந்தக் கைப்பேசிக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் ஹலோவுக்கு இவை எதுவும் பொருந்தாது. பேச்சு கொடுத்துப் பழகிப் பணம் பறிக்கும் மோசடிகளில் பலவும் அப்படித்தான் தொடங்குகின்றன. பதில் எழுதாமல் விடுங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேட்கலாம். உதவிக்காக அறிவிக்கப்பட்ட எண்ணில் இருக்கும் எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எனினும், எதிர்க்கேள்விக்கு விஷயத்தைச் சொல்லாமல் ஏதேனும் இணைப்பை அனுப்புகிறவர்கள் அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறார்கள். அதை அழுத்தாமல் எண்ணைத் தடுத்துவிடுகிறோம்.

கேள்விக்குப் பதிலே வராத ஹலோக்களும் இருக்கின்றன. அப்போது கைப்பேசியில் அழைப்பதில்லை. எடுப்பவர் மேற்பார்வையாளராக இருக்கலாம். மறுநாள் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு முடித்திருக்கும் நேரத்தில், இரவு ஒன்பது மணி வாக்கில், "நேத்து மெசேஜ் பண்ணியிருந்தீங்க. எப்ப வேணும்னாலும் சொல்லலாம், அவசரமில்ல" என்று ஒரே ஒரு முறை எழுதுகிறோம். அதன்பின் நாங்களாகத் தொந்தரவு செய்வதில்லை; உரையாடலை அழிப்பதும் இல்லை. சம்பள நாள் கடந்த பிறகு அதே உரையாடலின் கீழே, வணக்கமோ ஹலோவோ இல்லாமல், நேராக ஒரு சம்பளச் சீட்டின் படம் வந்து நிற்பது உண்டு.