வாடகை ஆட்டோ: கலெக்‌ஷன் போகக் கையில் நிற்பது எவ்வளவு?

ராத்திரி வண்டியை ஓனரிடம் விட்டுவிட்டு, பாக்கெட்டில் இருப்பதை எண்ணி அதுதான் இன்றைய சம்பாத்தியம் என்று நினைத்துக்கொள்கிறோம். காலையில் போட்ட கேஸும் போன வாரம் மாற்றிய கிளட்ச் கேபிளும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

சென்னையில் ஓடும் ஒரு எல்பிஜி ஆட்டோவை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக வைத்தவை. அவரவர் தொகையைப் போட்டுக்கொள்ளலாம். 12 மணி நேரம், 14 சவாரி, கலெக்‌ஷன் 1,500 ரூபாய். காலையிலும் இரவிலும் கிலோமீட்டரைக் குறித்ததில் வண்டி ஓடியது 120 கி.மீ. அதில் சவாரியோடு ஓடியது 75. மீதி 45 காலி ஓட்டம். லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்தால் 6 லிட்டர் ஆகும். லிட்டர் 65 என்றால் கேஸ் 390. வாடகை 400. ஆப் சந்தா 30. பஞ்சர், கேபிள், பல்பு மாதிரி டிரைவர் தலையில் விழும் சில்லறை வேலைகளுக்கு ஒரு நாளைக்கு 50 ஒதுக்கலாம். மொத்தச் செலவு 870, கையில் நிற்பது 630. டீ, சாப்பாடு இன்னும் கழிக்கவில்லை. மணிக்கு ஐம்பத்திரண்டு ரூபாய் சொச்சம்.

இதே 14 சவாரியை 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணத்தில், அதாவது முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 என்று ஓட்டியிருந்தால் கலெக்‌ஷன் சுமார் 948 தான். செலவு போக மிஞ்சுவது 78 ரூபாய். மீட்டர் ஏன் ஓடுவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

கேஸைக் கழித்தால் மணிக்குச் சராசரி 92.50 வருகிறது. வாடகை, சந்தா, ரிப்பேர் மூன்றும் சேர்ந்து 480. அதை அடைக்கவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை 6 மணிக்கு எடுத்த வண்டி பதினொன்றே காலுக்குத்தான் டிரைவருக்காக ஓட ஆரம்பிக்கிறது. வெயில் நேரத்தில் ஸ்டாண்டில் இன்ஜினை அணைத்து நிற்கும்போது கேஸ் போகாது. ஆனால் இந்த 480இல் மணிக்கு 40 ரூபாய் போய்க்கொண்டுதான் இருக்கும். அதற்குப் பயந்து சவாரி தேடிச் சுற்றினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3.25 தனியாகப் போகும். சுற்றினால் சவாரி கிடைக்கும் என்று தெரிந்த நேரத்துக்கு மட்டும் அது சரி.

சவாரி எடுக்கும்போதும் இந்த 3.25 கைகொடுக்கும். ஆப்பில் 110 ரூபாய் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஏற்றப் போக 2 கி.மீ., சவாரி 6, ஆள் கிடைக்காத இடத்திலிருந்து காலியாகத் திரும்ப 4. ஆக 12 கி.மீ.க்கு கேஸ் 39, மிச்சம் 71, நேரம் ஒரு மணி. பக்கத்திலேயே 70 ரூபாய் சவாரி ஒன்று, போக வர எல்லாம் சேர்த்து 4 கி.மீ.; கேஸ் 13, மிச்சம் 57, நேரம் 25 நிமிடம். பார்க்கச் சின்னதாகத் தெரியும் சவாரிதான் மணிக் கணக்கில் ஏறக்குறைய இரட்டிப்பாகக் கொடுக்கிறது.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை மைலேஜ். லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி 16க்கு இறங்கினால் அதே 120 கி.மீ.க்கு ஏழரை லிட்டர் வேண்டும். நாளைக்கு 97.50 கூடுதல், 24 நாள் ஓட்டத்தில் 2,340. வண்டியை ரிப்பேர் செய்ய வேண்டியவர் ஓனர், கேஸ் போடுவது டிரைவர். அதனால் வண்டி நிற்காதவரை ஓனருக்கு அவசரமே இருக்காது. மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் இரைந்தும் வேகம் ஏறவில்லையா, கிளட்ச் வழுக்குகிறது. ஓடும்போது நியூட்ரலில் விட்டால் வண்டி சட்டென்று நின்றுவிடுகிறதா, ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் அந்தச் சக்கரத்தின் டிரம் பக்கம் கை வைத்தால் மற்றதைவிடச் சூடாக இருக்கும். தூசி அடைத்த ஏர் ஃபில்டரும் காற்று குறைந்த டயரும் இதே வேலையைச் செய்யும்.

வாய்ச்சொல்லாகச் சொன்னால் ஓனர் நம்பமாட்டார். ஒரே பங்கில், பம்ப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறியுங்கள். மறுபடி அப்படியே நிரப்பும்போது ஓடிய தூரத்தை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். நடுவில் பெட்ரோலில் ஓடினால் அதைக் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மைலேஜ் பொய்யாகக் கூடிக் காட்டும். மூன்று தடவை எழுதிக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

மாதக் கணக்கில் இன்னொரு இடத்தில் பணம் நழுவும். நான்கு நாள் லீவு, இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் என்றால் 24 நாளுக்கு 15,120 வரும். லீவு நாளுக்கும் வாடகை உண்டென்றால் 1,600 குறைந்து 13,520. ஒர்க்‌ஷாப் நாளுக்கும் கேட்டால் இன்னும் 800 போகும். சாவி வாங்கும் அன்றே இந்த இரண்டையும், அரை நாள் நின்றால் எவ்வளவு என்பதையும், எந்த உதிரிபாகம் யார் செலவு என்பதையும் பேசி, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வைத்துவிடுங்கள்.