பிளேடை எப்போது மாற்றுவது? திங்கட்கிழமைப் பதிவேட்டிலிருந்து ஒரு கணக்கு

கோவையில் ஒரு வார்ப்பு ஆலை. அங்கே ஒரே மாதிரியான இரண்டு ஷாட் பிளாஸ்டிங் மெஷின்கள். காஸ்டிங் மேல் ஒட்டியிருக்கும் மணலை, வேகமாகச் சுழலும் சக்கரத்திலிருந்து இரும்புக் குண்டுகளை வீசி உரித்தெடுக்கும் மெஷின் அது. குண்டை வீசும் பிளேடுகளும் அதே குண்டால்தான் தேயும். தேயத் தேய சக்கரத்தின் சமநிலை குலைந்து அதிர்வு கூடும். கடைசியில் ஒரு பிளேடு உடைந்து உள்ளே சிதறினால் லைனர், பேரிங் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

"தேஞ்சதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே மாத்திடணும் சார்" என்றார் ஃபோர்மேன். "நல்லாத்தானே ஓடுது, அதிர்வு வந்தப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் முதலாளி. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நல்லவேளையாக அங்கே ஒரு பதிவேடும் இருந்தது. திங்கட்கிழமை தோறும் மூடியைத் திறந்து பிளேடைப் பார்த்து, நல்லது, தேய்ந்தது, மோசம், உடைந்தது என்ற நான்கில் ஒன்றை எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பதிவேட்டில் செய்த வேலை வெறும் எண்ணிக்கைதான். (இங்கே கணக்கு எளிதாக இருக்க எண்களைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.) 'நல்லது' என்று எழுதிய 60 திங்கள்களில் 12 முறை அடுத்த திங்கள் 'தேய்ந்தது' ஆகியிருந்தது. அதாவது 0.2. 'தேய்ந்தது' என்று எழுதியும் மாற்றாமல் ஓட்டிய திங்கள்கள் 40. அவற்றில் 30 முறை அப்படியே இருந்தது, 8 முறை 'மோசம்' ஆனது, 2 முறை நேராக உடைந்தது. ஆக 0.75, 0.20, 0.05. 'மோசம்' நிலையில் துணிந்து ஓட்டிய 10 திங்கள்களில் 4 முறை உடைந்தது. பிளேடு செட்டை மாற்றினால் அடுத்த திங்கள் மெஷின் 'நல்லது'.

செலவு இப்படி: திட்டமிட்டு மாற்றினால் 20,000 ரூபாய். உடைந்தபின் சரிசெய்ய, நின்றுபோன உற்பத்தியையும் சேர்த்து, 60,000. தேய்ந்த பிளேடோடு ஓட்டினால் சுத்தம் செய்யக் கூடுதல் நேரமும் மின்சாரமும் பிடிக்கும், அதற்கு வாரம் 500. மோசமான பிளேடோடு ஓட்டினால் வாரம் 3,000.

நிலைகள், அந்தந்த நிலையில் செய்யக்கூடிய செயல்கள், அடுத்து எங்கே போகும் என்ற நிகழ்தகவு, செலவு. இந்த நான்கும் சேர்ந்ததுதான் மார்க்கோவ் முடிவுச் செயல்முறை. அதை நேரியல் திட்டமாக, லீனியர் புரோகிராமாக, அதாவது சில நேரியல் கட்டுப்பாடுகளுக்குள் செலவை மிகக் குறைவாக்கும் கணக்காக, எழுதலாம் என்று ஆலன் மேன் 1960-இல் காட்டினார். அதில் கேள்வியைத் திருப்பிப் போடும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 'இந்த நிலையில் என்ன செய்வது' என்று நேராகக் கேட்பதில்லை. 'நீண்ட காலத்தில், மொத்த வாரங்களில் எத்தனை பங்கு இந்த நிலையில் இருந்து இந்தச் செயலைச் செய்து கழியும்' என்று கேட்கிறோம். அந்தப் பங்குகள்தான் மாறிகள். நம் மெஷினுக்கு ஆறு: நல்லது-ஓட்டு, தேய்ந்தது-ஓட்டு, தேய்ந்தது-மாற்று, மோசம்-ஓட்டு, மோசம்-மாற்று, உடைந்தது-மாற்று.

அவற்றுக்கு உள்ள கட்டுப்பாடு ஒரு தண்ணீர்த் தொட்டியின் கணக்குதான். ஒரு நிலைக்குள் வரும் பங்கும் அதிலிருந்து வெளியேறும் பங்கும் சமமாக இருக்க வேண்டும். உதாரணமாக, 'தேய்ந்தது' நிலையில் கழியும் மொத்தப் பங்கு என்பது, நல்லது-ஓட்டில் 0.2 பங்கும் தேய்ந்தது-ஓட்டில் 0.75 பங்கும் சேர்ந்தது. நான்கு நிலைக்கும் இப்படி நான்கு சமன்பாடு. அவற்றைக் கூட்டினால் பூஜ்யம் வரும், அதனால் ஒன்று உபரி. எல்லாப் பங்கும் சேர்ந்து 1 என்பது அந்த இடத்தை நிரப்புகிறது. இந்த வரியை விட்டுவிட்டால் கணினி எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி 'செலவே இல்லை' என்று சொல்லிவிடும். விடை பூஜ்யமாக வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

```python
from scipy.optimize import linprog
# x1r, x2r, x2m, x3r, x3m, x4m  (r = ஓட்டு, m = மாற்று)
c = [0, 0.5, 20, 3, 20, 60]          # ஆயிரம் ரூபாய்
A = [[ 0.2,  0,    -1,  0,   -1, -1],
     [-0.2,  0.25,  1,  0,    0,  0],
     [ 0,   -0.2,   0,  0.4,  1,  0],
     [ 1,    1,     1,  1,    1,  1]]
b = [0, 0, 0, 1]
res = linprog(c, A_eq=A, b_eq=b, method="highs")
print(res.fun, res.x)
```

விடை: வாரத்துக்கு 3,000 ரூபாய். பங்குகள் முறையே 0.5, 0.4, 0, 0, 0.08, 0.02. பாதி வாரங்கள் நல்ல நிலையில், நாற்பது சதம் தேய்ந்த நிலையில் ஓட்டம், மோசமானதும் மாற்றம். முதலாளி சொன்ன வழி. தேய்ந்ததுமே மாற்றும் ஃபோர்மேன் வழியைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்: சராசரியாக 5 வாரம் நல்ல நிலை, ஒரு வாரம் மாற்றம், ஆக 6 வாரத்துக்கு 20,000, வாரத்துக்கு 3,333. மோசமான பிறகும் மாற்றாமல் உடையும்வரை ஓட்டினால் 5,667.

சரி, இவ்வளவுதான் என்றால் லீனியர் புரோகிராம் எதற்கு? மூன்று வழியையும் கையாலேயே ஒப்பிட்டிருக்கலாம். இதன் அருமை தெரிந்தது முதலாளி அடுத்த கேள்வியைக் கேட்டபோதுதான். 0.02 என்றால் ஒரு மெஷின் 50 வாரத்துக்கு ஒரு முறை உடையும். "அது ஆகாது, 100 வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல உடையக் கூடாது" என்றார். பங்குதான் மாறி என்பதால் அவர் சொன்னதை அப்படியே ஒரு வரியாகச் சேர்க்க முடிந்தது:

```python
res = linprog(c, A_eq=A, b_eq=b, A_ub=[[0,0,0,0,0,1]],
              b_ub=[0.01], method="highs")
print(res.fun, res.x, res.ineqlin.marginals)
```

இப்போது செலவு 3,167. பங்குகளில் ஒரு மாற்றம்: தேய்ந்தது-ஓட்டு 0.2, தேய்ந்தது-மாற்று 0.083. இரண்டுமே பூஜ்யமில்லை. சமன்பாட்டுக்கு ஒன்றாக நான்கு பங்குகள் நிரம்பியிருந்தன. கூடுதலாக ஒரு கட்டுப்பாடு வந்ததால் ஐந்தாவதும் நிரம்பியிருக்கிறது. நான்கே நிலை இருக்க ஐந்து பங்கு என்றால், ஏதோ ஒரு நிலையில் இரண்டு செயலும் கலந்தே ஆக வேண்டும். இங்கே அது 'தேய்ந்தது'. 0.083-ஐ இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 5/17. அதாவது தேய்ந்த பிளேடைப் பார்க்கும் ஒவ்வொரு திங்களும் நூற்றுக்கு ஏறக்குறைய 29 வாய்ப்பில் மாற்று, மற்றபடி ஓட்டு.

இந்த இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். ஒருவர் இதை 'பாதி பிளேடை மாற்று' என்று புரிந்துகொண்டார். சமநிலை கெடாமல் இருக்க செட்டாகவே மாற்ற வேண்டிய பிளேடில் அது ஆபத்து. இன்னொருவர், சீட்டுக் குலுக்கிப் போட்டா மெஷினை ஓட்டுவது என்று கணக்கையே தூக்கி எறிந்தார். குலுக்கத் தேவையில்லை. இந்த விடையின் பங்குகள், முதலாளி வழியின் பங்குகளும் ஃபோர்மேன் வழியின் பங்குகளும் சரிபாதியாகச் சேர்ந்தவை. நல்லது-ஓட்டு 0.5-க்கும் 0.833-க்கும் நடுவே 0.667 என்று வந்திருக்கிறது, செலவும் 3,000-க்கும் 3,333-க்கும் சரியாக நடுவில். ஆகவே ஒரு மெஷினை ஒரு வழியிலும் மற்றொன்றை மறு வழியிலும் ஓட்டினால் சராசரியில் அதே விடைதான்.

கடைசியாக அச்சாகும் எண்ணை யாரும் படிக்காமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். அது −16.67, நிழல் விலை. ஓர் உடைவைத் தவிர்க்க நாம் 60,000-க்கும் மேலாக இன்னும் 16,667 ரூபாய் கொடுக்கத் தயாராகிறோம் என்று அது சொல்கிறது. முதலாளியிடம் இதைக் கேள்வியாகவே கேட்டேன்: "ஒரு உடைவு உங்களுக்கு உண்மையில் 76,667 ரூபாய் நஷ்டமா?" சற்று யோசித்து, லாரி காத்துக்கிடந்து சரக்கு தாமதமான நாளைப் பற்றிச் சொன்னார். 60,000-இல் அது சேரவே இல்லை. 76,667-ஐத் தாண்டினால் கட்டுப்பாடே தேவையில்லாமல் ஃபோர்மேன் வழிதான் மலிவு.

என் சொந்தப் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். வேறொரு இடத்தில், உடைவே கூடாது என்று வரம்பைப் பூஜ்யமாக வைத்துத் தீர்த்தேன். 'மோசம்' நிலையின் இரண்டு பங்குமே பூஜ்யம் என்று வந்தது. தேய்ந்ததுமே மாற்றினால் அந்த நிலைக்கே போக மாட்டோம், அதனால் அங்கே என்ன செய்வது என்று கணக்கு எதுவும் சொல்வதில்லை. ஆனால் எந்தச் செயலின் பங்கு பெரியதோ அதை எடுக்கும்படி நான் எழுதிய நிரல், இரண்டு பூஜ்யத்தில் முதலாவதான 'ஓட்டு' என்பதை எடுத்து அட்டையில் அச்சிட்டுவிட்டது. மெஷின் ஏற்கெனவே மோசமாக இருந்த வாரத்தில் அந்த அட்டை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஃபிட்டர் கேட்டதால்தான் தப்பித்தோம். கூட்டுத்தொகை பூஜ்யமாக இருக்கும் நிலைகளுக்கு இப்போது நான் 'கணக்கில் விடையில்லை' என்று அச்சிட்டு, கையால் முடிவெடுத்து எழுதுகிறேன்.

இதைவிடப் பெரிய கவலை அந்த 0.05. அது 40 திங்கள்களில் நேர்ந்த இரண்டே உடைவுகளிலிருந்து வந்தது. இரண்டுக்குப் பதில் மூன்று என்றும், 'மோசம்' 8-க்குப் பதில் 7 என்றும் வைத்துப் பாருங்கள். முதலாளி வழியின் செலவு 3,400 ஆகிறது, ஃபோர்மேன் வழி 3,333-லேயே நிற்கிறது. பதிவேட்டில் ஒரே ஒரு வரி மாறினால் விடை தலைகீழ். கணினி காட்டும் ஆறு தசம இலக்கங்களை நம்பிவிடாமல், இப்படி ஒரு வரியை மாற்றி மறுபடி தீர்த்துப் பார்ப்பதை நான் விடுவதே இல்லை. ஃபோர்மேன் வழிக்கு அந்த 0.05 தேவையே இல்லை என்பதையும் கவனியுங்கள். தேய்ந்த பிளேடோடு ஓட்டாதவருக்கு, ஓட்டினால் என்ன ஆகும் என்ற எண் எதற்கு?

பேசி முடித்தபோது, அனுப்பும் பகுதிக்கு நேரடியாகக் காஸ்டிங் தரும் மெஷினை ஃபோர்மேன் வழிக்கு மாற்றினார்கள். மற்றது முதலாளி வழியிலேயே ஓடுகிறது. தேய்ந்த பிளேடு என்ன ஆகிறது என்ற எண்ணிக்கை இனி அந்த மெஷினிலிருந்துதான் கிடைக்கும். 'தேய்ந்தது' என்று இன்னும் 20 திங்கள்கள் சேர்ந்ததும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மறுபடி உட்காருவதாகச் சொல்லியிருக்கிறோம்.