கொற்கை முத்து செங்கடலில் விளைந்ததா?

சங்க கால வணிகத்தைப் பற்றி எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் 'செங்கடல் பயணக் குறிப்பு' என்றொரு நூற்பெயர் கண்ணில் படுகிறது. முசிறியில் மிளகு ஏற்றியதற்கும் கொற்கையில் முத்துக் குளித்ததற்கும் சான்றாக அதைத்தான் காட்டுவார்கள். செங்கடலைப் பற்றி எழுதியவர் முசிறிக்கு ஏன் வந்தார் என்று படிப்பவர் யாரும் கேட்பதில்லை. எழுதுபவரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இது கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட நூல். ஆசிரியர் பெயர் தெரியாது. எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வணிகர் என்பது பலரின் கணிப்பு. அதன் கிரேக்கப் பெயரில் வரும் 'பெரிப்ளஸ்' என்றால் கரையைச் சுற்றிக் கலம் செலுத்துவது. துறைமுகங்களை வரிசையாகச் சொல்லி, எங்கே எது விற்கும், எது கிடைக்கும் என்று காட்டும் கையேட்டுக்கும் அதுவே பெயராயிற்று. 'பயணக் குறிப்பு' என்றால் நாட்குறிப்பு போல ஒலிக்கிறது. 'வழிகாட்டி' என்பதே பொருந்தும். அதைவிடப் பெரிய வம்பு கடலின் பெயரில் இருக்கிறது.

நூலில் அந்தக் கடலுக்கு 'எரித்ரா தலாஸ்ஸா' என்று பெயர். எரித்ரா என்றால் சிவந்த, தலாஸ்ஸா என்றால் கடல். ஆகவே செங்கடல், கணக்கு முடிந்தது என்கிறார்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள். அகராதிப்படி பிழையில்லை, நிலப்படத்தை விரித்தால்தான் பிழை தெரியும். இன்று நாம் செங்கடல் என்பது எகிப்துக்கும் அரேபியாவுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நீர்ப்பரப்பு. கிரேக்கரின் எரித்ரா கடலோ அதையும் பாரசீக வளைகுடாவையும் சேர்த்து, நம் கரை வரை விரிந்த இந்தியப் பெருங்கடல்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். யூப்ரடீஸ் ஆறு எரித்ரா கடலில் கலக்கிறது என்கிறார். அந்த ஆறு சேர்வது பாரசீக வளைகுடாவில் அல்லவா? எகிப்தை ஒட்டிய ஒடுங்கிய கடலை அவர் 'அரேபிய வளைகுடா' என்று தனியே பிரிக்கிறார். எரித்ரா கடலிலிருந்து உள்ளே நீண்டு வரும் குடா அது. துடுப்பு வலித்துப் போனால் நீளம் 40 நாள், அகலம் அதிகம் போனால் அரை நாள் என்று அளவும் தருகிறார். ரோமர் காலத்துப் பிளினியும் இதையே சொல்கிறார்: 'ரூப்ரும் மாரே', அதாவது சிவந்த கடல், இரண்டு குடாக்களாகப் பிரிகிறது, ஒன்று பாரசீகக் குடா, மற்றொன்று அரேபியக் குடா. அவர்களுக்குச் சிவந்த கடல் தாய், இன்றைய செங்கடல் அதன் பிள்ளை. பிள்ளையின் பெயரைத் தாய்க்குச் சூட்டுவதுதான் நம் மொழிபெயர்ப்பு.

வழிகாட்டியையே எண்ணிப் பார்க்கலாம். அதில் 66 பத்திகள். இன்றைய செங்கடலுக்குள் நடப்பவை ஏறத்தாழ 13தான். மற்றவையெல்லாம் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை, தென் அரேபியா, சிந்து முகத்துவாரம், குசராத்தின் பாரிகாசா, முசிறி, குமரி, கொற்கை, கங்கை என்று போய்க்கொண்டே இருக்கின்றன. கொற்கையில் தண்டனைக் கைதிகளை இறக்கி முத்தெடுத்தார்கள் என்று அந்நூல் சொல்கிறது. நூற்பெயரை நம்பினால் பாவம், அந்தக் கைதிகள் அரேபியா வரை நீந்தியிருக்க வேண்டும்.

"எரித்ரா என்றால் சிவப்பு, தூய தமிழில் செங்கடல், கிரேக்கச் சொல்லை ஏன் சுமக்க வேண்டும்?" என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். நானும் தனித்தமிழை விரும்புபவன்தான். ஆனால் 'செங்கடல்' காலியாகக் கிடக்கும் சொல்லல்ல. அதில் ஏற்கெனவே ஒரு கடல் குடியிருக்கிறது. சிவப்பு என்ற பொருளே உறுதியில்லை என்பது இன்னொரு சிக்கல். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இந்தக் கடலைப் பற்றித் தனி நூலே எழுதிய அகதார்க்கிடீஸ், சூரிய ஒளி பட்டுச் சிவக்கிறது என்பன போன்ற விளக்கங்களைத் தள்ளிவிட்டு, எரித்ராஸ் என்ற பாரசீகரின் பெயரால் வந்தது என்ற கதையையே ஏற்றார். அவர் வழியில் போனால் அது 'எரித்ராஸ் கடல்'; நிறத்துக்கு அங்கே வேலையில்லை. ஒரு தீவில் அந்த எரித்ராஸின் கல்லறை இருந்ததாகக்கூட அக்காலத்தில் பேச்சு இருந்தது. திசைகளை நிறங்களால் குறிக்கும் வழக்கில் சிவப்பு தெற்கைக் குறித்தது, வடக்கே கருங்கடல், தெற்கே செங்கடல் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் கருத்து. நீரில் பெருகிச் செம்பழுப்பாய் மிதக்கும் நுண்ணுயிரியைக் காட்டுவோரும் உண்டு.

நிறத்தை நேரில் சோதித்த மாலுமியும் உண்டு. 1541இல் போர்ச்சுகீசியக் கப்பல்களோடு இன்றைய செங்கடலுக்குள் போன ஜோவாவ் த காஸ்ட்ரோ, செந்திட்டுகள் தெரிந்த இடத்தில் நீரை மொண்டு பார்த்தார். அது பளிங்கு போலத் தெளிவாக இருந்தது. ஆட்களை மூழ்கச் சொன்னார்; அவர்கள் அடியிலிருந்து பவளம் போன்ற கிளைத்த கற்களைக் கொண்டுவந்தார்கள். சிவப்பு தரையில் இருந்தது, தண்ணீரில் இல்லை. போர்ச்சுகீசியர் வருவதற்கு வெகுமுன்பே அரபு மாலுமிகள் நிறத்தை விட்டுவிட்டு, சூயசுக்கு அருகிலிருந்த துறையின் பெயரால் அதைக் 'குல்சும் கடல்' என்றார்கள்.

பரந்த பெயர் எப்படிச் சுருங்கியது? இந்தியாவை ஒட்டிய நீருக்கு 'இந்தியக் கடல்' என்ற பெயர் வலுப்பெற, சிவப்பு மேற்கே ஒதுங்கியது. எபிரேய மறைநூலைக் கிரேக்கமாக்கியவர்கள், இசுரயேலர் கடந்த கடலுக்கும் எரித்ரா தலாஸ்ஸா என்றே எழுதினார்கள். அந்தக் கதை பரவிய இடமெல்லாம் எகிப்துப் பக்கத்துக் கடலே செங்கடலாக மனத்தில் பதிந்தது. நம் பழைய விவிலியத்தின் 'சிவந்த சமுத்திரம்' அந்த வழியில் வந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் 1597இல் நிலப்பட வரைஞர் ஓர்ட்டீலியஸ் இந்த வழிகாட்டிக்கென்றே வரைந்த படத்தில் அந்தப் பெயர் பழைய அகலத்தோடு நிற்கிறது. படம் வரைந்தவருக்குத் தெரிந்தது, நானூறு ஆண்டு கழித்து மொழிபெயர்க்கும் நமக்குத் தெரியவில்லை.

வேறு பெயர்களையும் முயன்றிருக்கிறார்கள். 'எரித்திரியக் கடல்' என்றால், அதே கிரேக்க வேரிலிருந்து 1890இல் இத்தாலியர் தங்கள் குடியேற்றத்துக்குச் சூட்டிய பெயரைத் தாங்கிய ஆப்பிரிக்க நாடு குறுக்கே வந்து நிற்கிறது. 'செந்நீர்க்கடல்' என்பதையும் பார்த்தேன். தமிழில் செந்நீர் குருதி என்பதை மறந்தவர் வேலை. 'எரித்ரைக் கடல் வழிகாட்டி' என்று பெயர்ச்சொல்லாகவே விட்டு, முதல் முறை வரும்போது 'அதாவது அக்கால இந்தியப் பெருங்கடல்' என்று ஒரு தொடர் சேர்த்தால் போதும்.

இதே கோளாறு மறுதலையாகவும் நடக்கிறது. பழைய ஆசிரியர்களின் 'அரேபிய வளைகுடா'வை அப்படியே தமிழில் எழுதிவிடுகிறார்கள். இன்று அரபு நாடுகள் அந்தப் பெயரைப் பாரசீக வளைகுடாவுக்கு வழங்குவதால், படிப்பவர் மனம் நேரே துபாய்க்குப் போய்விடுகிறது. எழுதியவர் சொன்னதோ இன்றைய செங்கடல். 'செங்கடல்' என்ற சொல் தேவைப்படுவது அந்த இடத்தில்தான். மியோஸ் ஹோர்மோஸ், பெரனீகே, அடூலிஸ் ஆகிய துறைகள் செங்கடலில் இருந்தன என்று தாராளமாக எழுதலாம். முசிறியும் கொற்கையும் வரும்போது மட்டும் எரித்ரைக் கடல்.