இலுமினேஷன்: பொன்னில் பிறந்த கலைச்சொல்

அச்சுக்கு முந்தைய ஐரோப்பாவில், பதப்படுத்திய கன்று, ஆட்டுத் தோல்களில் கையால் எழுதி ஓவியமும் பொன்னும் சேர்த்த நூல்களை ‘இலுமினேட்டட் மேனுஸ்கிரிப்ட்’ என்பர். இதன் முதற்சொல், ‘ஒளிபெறச் செய்’ என்று பொருள்படும் ‘இல்லூமினாரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் ‘தெய்வீக நாடக’த்தின் இரண்டாம் பகுதியில், குப்பியோ நகரத்து ஓவியர் ஓதெரிசியைச் சந்திக்கும்போது, ‘பாரிஸில் அலுமினார் எனப்படும் கலை’க்குப் பெருமை சேர்த்தவர் என்று அவரை அழைக்கிறார். அதற்கு ஓதெரிசி, பொலோஞா நகரத்து ஃபிராங்கோ தீட்டும் தாள்களே இன்னும் அதிகமாகச் சிரிக்கின்றன என்று விடையளிக்கிறார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்கலைக்குத் தனிப்பெயர் வழங்கியதற்கு இது சான்று.

பிற்காலத்தில் எல்லா ஏட்டு ஓவியங்களுக்கும் இச்சொல் விரிந்துவிட்டாலும், கறாரான பொருளில் அது பொன்னோ வெள்ளியோ சேர்ந்த ஏட்டையே குறிக்கும். ‘ஒளி’ என்பது இங்கே வெறும் உவமையன்று என்பதை, அந்தப் பொன் ஏட்டில் ஏறிய முறையைப் பார்த்தால் அறியலாம். எழுத்தர் முதலில் பாடத்தை எழுதி, முதலெழுத்துகளுக்கும் படங்களுக்கும் இடம் விட்டுவைப்பார். ஓவியர் அந்த இடத்தில் கோட்டுருவம் வரைந்து, பொன் அமையவேண்டிய பகுதிகளில் ‘கெஸ்ஸோ’ என்ற அடிப்பூச்சை இறகுப் பேனாவாலோ தூரிகையாலோ இடுவார். நீரில் நெடுநாள் ஊறவைத்துக் கெட்டியாகும் தன்மையை நீக்கிய பாரிஸ் சாந்து, ஈய வெள்ளைப் பொடி, பசை, சிறிது சர்க்கரை அல்லது தேன், நிறத்துக்குச் செம்மண் ஆகியவற்றைக் குழைத்தது இந்தப் பூச்சு. அது காய்ந்ததும் தோலின் மேல் மெல்லிய மேடாக நிற்கும். அதன்மீது வாயால் ஊதினால், மூச்சின் ஈரத்தை உள்ளிருக்கும் சர்க்கரை ஈர்த்து, மேற்பரப்பு ஒட்டும் பதத்துக்கு வரும். அக்கணமே பொன் இலையை வைத்து அழுத்திவிட்டு, நாய்ப்பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவர். மேடு வளைந்திருப்பதால், பக்கம் அசையும்போதெல்லாம் ஏதோ ஒரு புள்ளி விளக்கொளியைத் திருப்பியனுப்பும். அப்பெயர் பொருத்தமாவது இதனால்தான்.

இதில் பிழைபடும் இடம் பெரும்பாலும் சர்க்கரையின் அளவுதான். அது மிகுந்தால் பூச்சு பிசுபிசுத்து மெருகை ஏற்காது. குறைந்தால் இலை ஒட்டாது, பூச்சும் வளையும் தோலோடு இசையாமல் வெடித்து உதிரும். பொன் உதிர்ந்த இடத்தில் வெண்மையோ இளஞ்சிவப்போ தெரிந்தால், அடியில் கெஸ்ஸோ இருந்தது என்று கண்டுகொள்ளலாம். பொன்னைப் பொடித்துக் கோந்தில் குழைத்துத் தீட்டுவது வேறொரு முறை. சிப்பி ஓட்டில் வைத்துப் பயன்படுத்தியதால் அதற்குச் சிப்பிப்பொன் என்று பெயர். அது மேடின்றி, சற்றே மங்கலான மணற்பொலிவோடு காணப்படும். பொன் இலையை எப்போதும் வண்ணத்துக்கு முன்பே வைத்தாகவேண்டும். ஏனெனில் அது வண்ணத்திலுள்ள பசையிலும் ஒட்டிக்கொள்ளும், மெருகேற்றும் கல்லும் அருகிலுள்ள வண்ணத்தைச் சிதைத்துவிடும். முற்றுப்பெறாத சில ஏடுகளில் வெறும் கோட்டுருவங்களுக்கு நடுவே பொன் மட்டும் மின்னுவது இந்த வரிசையால்தான்.

‘மினியேச்சர்’ என்ற சொல்லின் கதை வேறு. சிறுமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், தலைப்புகளையும் முதலெழுத்துகளையும் தீட்டிய ஈயச் செந்தூரத்தின் இலத்தீன் பெயரான ‘மினியம்’ அதன் வேர். ஏட்டு ஓவியங்கள் அளவில் சிறியனவாக இருந்ததாலும், ஒலி ஒத்திருந்ததாலும், சிறுமைப்பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் ‘ஒளியூட்டப்பட்ட கையெழுத்துப் பிரதி’ என்று பெயர்ப்பது சொல்லுக்குச் சொல் சரியே. ஆயினும், மின்விளக்கு போட்ட ஏதோ ஒன்று அதில் நினைவுக்கு வருகிறது. ‘பொன்னணிச் சுவடி’ என்பது கறாரான பொருளுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் ஏறத்தாழ கி.பி. 800ஐச் சேர்ந்த, டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலுள்ள கெல்ஸ் நூலை அது விலக்கிவிடும். அந்நூலில் பொன்னே இல்லை. பொன்போல் தோன்றும் மஞ்சள் அரிதாரம்தான் உள்ளது. ஆகவே பொதுப்பெயராக ‘அணியோவியச் சுவடி’ என்பதையும், பொன் வைக்கும் தொழிலுக்குப் ‘பொன்னொளி ஏற்றுதல்’ என்பதையும் கொள்ளலாம் என்பது என் கருத்து. ‘மினியேச்சர்’ வேரால் செந்நிறமே என்றாலும், இன்றைய பொருளுக்கு ‘நுண்ணோவியம்’ போதும்.

விளிம்புப் படங்களுக்கு ‘ஓரச் சித்திரம்’ என்று எளிமையாகவே சொல்லலாம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஜெஃப்ரி லட்ரெல் என்ற நிலக்கிழாருக்காக 1325க்கும் 1340க்கும் இடையில் உருவான திருப்பாடல் நூலில், இலத்தீன் வரிகளின் ஓரத்தில் எருது பூட்டி உழுவோரும் விதைப்போரும் உள்ளனர்; பக்கம் புரட்டினால் மனிதத் தலையும் விலங்குடலும் கொண்ட விசித்திர உருவங்கள் எட்டிப்பார்க்கின்றன. இவை பாடத்துக்கு நேரான விளக்கப்படங்களாகப் பெரும்பாலும் அமைவதில்லை என்பதால், ‘விளக்கப்படம்’ என்ற சொல்லை இவற்றுக்கு ஆளக்கூடாது.